ஆடு தொடாத இலை

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம். பெயரிலேயே கழுகு உண்டு. தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் மலைக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போன காலத்தை என் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. 1990களின் பிற்பகுதியோடு அந்த வரவு நின்றுபோனது. அதற்கு முன் சின்ன வயதில் வெள்ளைக்காரப் பயணிகளிடம் "ஈகிள், ஈகிள்" என்று கையைக் காட்டி இரண்டு ரூபாய் சம்பாதித்தவன் நான். ஒரு நாள் ஒரு கிழவர் பைனாகுலரை இறக்கிவிட்டுச் சிரித்தார். "இது ஈகிள் இல்லை தம்பி, வல்ச்சர்" என்றார். உண்மைதான். வந்தது மஞ்சள் மூஞ்சிப் பிணந்தின்னிக் கழுகு. தமிழில் ஒரே 'கழுகு' ரெண்டு பறவைக்கும் போதும். இங்கிலீஷில் போதாது.

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதனால்தான் முப்பது வருஷம் கழித்து வைத்தியர் தாத்தாவின் நோட்டுப் புத்தகத்தை இங்கிலீஷில் மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டேன்.

தாத்தா எங்கள் தெருக்கோடி. பரம்பரை சித்த வைத்தியர். ஓலைச்சுவடியிலிருந்து அவருடைய அப்பா பேனாவால் எழுதி வைத்த நீளமான கணக்கு நோட்டு ஒன்று உண்டு. கனடாவில் இருக்கும் பேரனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "தம்பி, நீதான் ஆபீஸ்ல இங்கிலீஷ்லயே லெட்டர் எழுதுறியாமே. அவனுக்கும் புரியற மாதிரி எழுதிக் குடேன்" என்றார் தாத்தா. நான் செங்கல்பட்டில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்' என்று ஆரம்பித்தால் யாரும் என்னை அடக்க முடியாது. "ஒரு வாரத்துல முடிச்சுடலாம் தாத்தா" என்றேன்.

முதல் பக்கம் இருமலுக்கான ஆடாதோடைக் குடிநீர். மொத்தம் ஆறே வரி. சாரம் இதுதான்: ஆடாதோடை இலை ஒரு பலம், தண்ணீர் ஒரு படி, கமலாக்கினியாய் எரித்து எட்டொன்றாய்க் குறுக்கி, திப்பிலிப் பொடி வெருகடி தூவித் தேனில் கொடுக்கவும்.

பலம் என்றால் ஸ்ட்ரெங்த். கமலாக்கினி? கமலாவின் நெருப்பு. வெருகு என்றால் காட்டுப் பூனை, அடி என்றால் கால். ஆக, காட்டுப் பூனையின் கால். ராத்திரி பதினோரு மணிக்கு இதையெல்லாம் நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "யாருங்க அந்தக் கமலா?"

மறுநாள் தாத்தாவிடம் ஓடினேன். அவர் பொறுமையாகச் சொன்னார். தீபாக்கினி என்றால் விளக்குச் சுடர் மாதிரி சின்னத் தீ. கமலாக்கினி தாமரை மாதிரி எழும் நடுத்தரத் தீ. காடாக்கினி காடு பற்றி எரிகிற மாதிரி பெருந்தீ. பலம் என்பது எடை. இப்போதைய கணக்கில் 35 கிராம் என்று வைத்துக்கொள்கிறார்கள். வெருகடி என்பது விரல்நுனிகளைக் குவித்து எடுக்கிற பொடி. பூனைக்கு அதில் வேலை இல்லை. "பூனைக் காலை எங்கேடா தேடுவான் என் பேரன்?" என்று சிரித்தார்.

சிரிப்போடு போகாத இடமும் அதே ஆறு வரியில் இருந்தது. 'எட்டொன்றாய்க் குறுக்கி' என்பதை நான், தண்ணீரில் எட்டில் ஒரு பங்கு வற்றும்வரை காய்ச்சவும் என்று எழுதியிருந்தேன். தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு படிக்கு எத்தனை ஆழாக்கு?"

"எட்டு."

"நீ எழுதினபடி காய்ச்சினா எத்தனை மிஞ்சும்?"

"ஏழு."

"ஏட்டுல சொன்னது எத்தனை மிஞ்சணும்னு?"

"ஒண்ணு... அய்யய்யோ!"

எட்டை ஒன்றாக்கு என்பதுதான் அந்த வார்த்தை. ஒரு படி என்பது சுமார் 1,340 மில்லி. சரியாகக் காய்ச்சினால் ஒரு ஆழாக்கு, அதாவது 168 மில்லி கஷாயம் மிஞ்சும். என் இங்கிலீஷ்படி காய்ச்சினால் கிட்டத்தட்ட 1,180 மில்லி இலைத் தண்ணீர். மருந்தின் காட்டம் ஏழில் ஒரு பங்கு. குடிப்பவன் "தாத்தா மருந்து வேலை செய்யல" என்பான். வேறு ஏதாவது ஒரு பக்கத்தில் இதே தப்பைத் திருப்பிப் போட்டிருந்தால் காட்டம் ஏழு மடங்கு ஏறியிருக்கும். இத்தனைக்கும் 'டு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பை' என்று எழுதினேன், அவ்வளவுதான். ஆபீஸ் கடிதத்தில் இதற்கு மெமோகூடக் கிடையாது.

திருத்தினேன். எடை, அளவு, தீ எல்லாவற்றையும் சரி பார்த்தேன். மூலிகைப் பெயர் ஒன்றை மட்டும் நான் ரொம்ப ரசித்து மொழிபெயர்த்திருந்ததால் தாத்தாவிடம் கேட்கவே இல்லை. ஆடு எதையும் தின்னும், அதுகூடத் தொடாத செடி என்பதால்தான் ஆடுதொடா, ஆடாதோடை என்று பெயர் என்பார்கள். நான் அழகாக 'ஆடு தொடாத இலை' என்று இங்கிலீஷில் போட்டேன். வாட்ஸ்அப்பில் பேரனுக்கு அனுப்பினேன். கட்டை விரல் உயர்ந்து வந்தது.

அடுத்த தையில் பேரன் குடும்பத்தோடு ஊருக்கு வந்தான். சென்னையில் இறங்கியதுமே குழந்தைக்கு இருமல். தாத்தாவை ஆச்சரியப்படுத்தலாம் என்று, வருகிற வழியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் என் தாளைப் பார்த்துத் தன் தமிழில் கேட்டிருக்கிறான்: "ஆடு டச் பண்ணாத இலை இருக்குங்களா?"

கடைக்காரர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. ஆடு தீண்டாத இலை என்றால் ஆடுதீண்டாப்பாளை. காய்ந்த இலை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்டதைக் கொடுத்தார்.

பேரன் வீட்டில் அடுப்பு மூட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது தாத்தா பார்த்துவிட்டார். எண்பது வயசுக்காரர் அத்தனை வேகமாக எழுந்ததை நான் பார்த்ததில்லை. பொட்டலத்தைப் பிடுங்கினார். ஒரு இலையைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் விரித்தார். கொல்லையிலிருந்து ஆடாதோடை இலை ஒன்றைப் பறித்து வரச் சொல்லிப் பக்கத்தில் வைத்தார்.

"பாரு. ஆடாதோடை மாவிலை மாதிரி நீளம், ரெண்டு முனையும் கூர். இது நெஞ்சு மாதிரி அகலம், காம்புகிட்ட உள்வாங்கியிருக்கு. அது ஆளுயரப் புதர், இது தரையில படர்ற கொடி. ரெண்டும் கசக்கும். ரெண்டையும் ஆடு தொடாது. அதுக்காக ரெண்டும் ஒண்ணாயிடுமாடா?"

பொடியாக வாங்கியிருந்தால்? "நானே ஏமாந்திருப்பேன்" என்றார் தாத்தா. பொடித்துவிட்டால் பிறகு மைக்ராஸ்கோப்பும் ரசாயனச் சோதனையும்தான் சொல்ல முடியும். கண்ணும் நாக்கும் சொல்லாது.

ஆடுதீண்டாப்பாளையின் தாவரவியல் பெயர் அரிஸ்டொலோகியா பிராக்டியோலேட்டா. அந்த இனத்துச் செடிகளில் அரிஸ்டொலோகிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும் என்று உறுதியான சரக்கு. இதுவும் பெயர்க் குழப்பத்தில்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. பெல்ஜியத்தில் பிரசல்ஸ் நகரத்தில், உடம்பு இளைக்க வந்த பெண்களுக்குச் சீன மூலிகைக் கலவை ஒன்று கொடுத்தார்கள். அதில் 'ஃபாங் ஜி' சேர வேண்டும். சேர்ந்ததோ 'குவாங் ஃபாங் ஜி'. முதலாவது ஸ்டெஃபானியா, இரண்டாவது அரிஸ்டொலோகியா. பெயரில் ஒரு 'குவாங்'தான் வித்தியாசம். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. 1993-ல் டாக்டர்கள் லான்செட் பத்திரிகையில் எழுதியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

எங்கள் தெருக்கோடி வீட்டில் அந்தக் கஷாயம் அடுப்பேறவில்லை. குழந்தையை டாக்டரிடம் காட்டினார்கள். இரண்டு நாளில் இருமல் நின்றது. எனக்குத்தான் ஒரு வாரம் தூக்கமில்லை.

பிறகு தாத்தா அலமாரியிலிருந்து தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். டி.வி. சாம்பசிவம் பிள்ளை தொகுத்த தமிழ் - ஆங்கில மருத்துவ அகராதி. பிள்ளை போலீஸ் இலாகாவில் வேலை பார்த்தவர். சித்த மருத்துவச் சொற்களைத் தேடித் தேடி இங்கிலீஷில் பொருள் எழுதினார். 1931-ல் முதல் தொகுதி வந்தது. 1953-ல் அவர் காலமானார். மிச்சத் தொகுதிகளைப் பிற்பாடு தமிழக அரசு அச்சிட்டது. அதைப் புரட்டியபோதுதான் புரிந்தது. மொழிபெயர்ப்பில் முதல் வேலை எதை மொழிபெயர்க்கக் கூடாது என்று தெரிந்துகொள்வது.

செடியின் பெயர் அந்த லிஸ்டில் முதல். சுவீடன்காரரான லின்னேயஸ் 1753-ல் செடிகளுக்கெல்லாம் லத்தீன் பெயர் சூட்டியபோது நம்ம ஆடாதோடைக்கு என்ன வைத்தார் தெரியுமா? ஜஸ்டிசியா ஆடாதோடா! அவரே மொழிபெயர்க்காமல் அப்படியே விட்ட பெயரை, செங்கல்பட்டுக் குமாஸ்தா மொழிபெயர்த்திருக்கிறேன்.

நோட்டு முழுவதையும் மறுபடி முதலிலிருந்து எழுதினேன். இந்த முறை ஆபீஸ் லெட்ஜர் மாதிரி கட்டம் போட்டு. முதல் கட்டத்தில் நோட்டில் இருக்கிற பெயர், உச்சரிப்பு மாறாமல். அடுத்ததில் தாவரப் பெயர். தாத்தா செடியைக் கையில் எடுத்துக் காட்டினால் மட்டுமே அதை நிரப்புவேன். அவருக்கும் சந்தேகம் என்றால் 'அடையாளம் தெரியவில்லை'. மூன்றாவதில் பழைய அளவு, அதன் பக்கத்திலேயே கிராம், மில்லி. பழையதை அழிப்பதில்லை. படி ஊருக்கு ஊர் மாறும். என் கணக்கு தப்பென்றால் பின்னால் வருகிறவன் மூலத்திலிருந்து மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். குறுக்குகிற இடத்திலெல்லாம் எவ்வளவு வற்ற வேண்டும் என்று எழுதாமல், எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று எண்ணில் எழுதினேன்.

ஒரு வாரம் என்று சொன்ன வேலை ஒன்றரை வருஷம் ஆனது. முப்பத்தெட்டுப் பக்கத்தில் பதினோரு செடிக்கு நேரே இன்னும் 'அடையாளம் தெரியவில்லை' என்றுதான் இருக்கிறது. அந்தப் பதினொன்றைத்தான் தாத்தா ரொம்ப நேரம் பார்த்தார். "இப்பத்தான்டா உனக்கு இங்கிலீஷ் வந்திருக்கு" என்றார்.

பேரனுக்கு அனுப்பியிருக்கிறேன். மனைவியும் ஒரு தடவை படித்துப் பார்த்தாள். கமலா எங்கேயும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அன்றைக்குக் காப்பி வந்தது.