பேசிக்கொண்டே ஓடுவது

அப்பா தன்னுடைய 62ஆவது வயதில் ஓட ஆரம்பித்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அடுத்த வருடமே அம்மா போய்விட்டாள். அதற்கு முன்பும் அவர் அதிகம் பேசுகிறவர் கிடையாது. எங்கள் வீட்டில் பேச்சு என்பது அம்மா பேசுவதும் அப்பா 'ம்' கொட்டுவதும்தான். அம்மா போன பிறகு அந்த 'ம்'முக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. திருவல்லிக்கேணியில் வீடு. நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிடும், எழுந்து மெரினாவுக்கு நடந்துவிடுவார். ஒருநாள் திரும்பி வந்து காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஓடிப் பாக்கலாம்னு இருக்கேன்டா" என்றார்.

அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. அதனால் முதலில் டாக்டரிடம் போனோம். ட்ரெட்மில் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். மார்பில் ஒயர்களை ஒட்டி நடக்க விடுவார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும், அத்தனை நேரமும் ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும். உட்கார்ந்திருக்கும்போது ஒழுங்காகத் தெரிகிற இதயம் ஏற்றத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக. அப்பா அதை முடித்தார். டாக்டர் சம்மதித்தார், ஆனால் ஒன்று சொன்னார்: "இவர் சாப்பிடற மாத்திர மெட்டோபுரோலால். வாட்ச்ல வர்ற நம்பர நம்பி ஓட விடாதீங்க."

நான் மென்பொருள்காரன், எண்ணை நம்பாதே என்றால் காரணம் கேட்காமல் இருக்க முடியாது. காரணம் எளிமையானது. கைக்கடிகாரங்களில் பல, இதயம் அதிகபட்சம் எவ்வளவு துடிக்கும் என்பதை 220-இல் இருந்து வயதைக் கழித்துத்தான் முடிவு செய்கின்றன. அப்பாவுக்கு 158. இது பெரிய கூட்டத்தின் சராசரி, தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியோ அப்படியோ சாதாரணமாக மாறும். அது போதாதென்று, அப்பாவின் மாத்திரை அட்ரினலின் இதயத்தை விரட்டுவதைத் தடுக்கிறது. அவருக்கு மூச்சு இரைத்து முகம் சிவந்தாலும் துடிப்பு அதற்கேற்ப ஏறாது. கடிகாரம் 108 என்று காட்டி, லேசான ஓட்டம் என்று பச்சை நிறத்தில் பாராட்டும். உடம்பு எல்லையைத் தொட்டுவிட்டது என்பது அதற்குத் தெரியாது.

அப்படியென்றால் எதை வைத்து அளப்பது? காந்தி சிலை அருகே ஐந்து மணிக்குக் கூடுகிற ஒரு குழு அதற்குப் பதில் வைத்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர். எல்லோருக்கும் அவர் அக்கா. புதிதாக வருகிறவர் பக்கத்தில் முதல் இரண்டு மாதம் யாராவது ஒருவர் கூடவே ஓட வேண்டும், இருவரும் பேசிக்கொண்டே ஓட வேண்டும். இதுதான் அவருடைய ஒரே சட்டம். முழு வாக்கியம் இழுப்பு இல்லாமல் வந்தால் வேகம் சரி. மூன்று நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம், நடைக்கு மாற வேண்டும். மாத்திரை இதயத் துடிப்பை மறைக்கும், மூச்சிரைப்பை மறைக்காது.

தூரத்தைக் கம்பத்தால் அளந்தார்கள். இரண்டு விளக்குக் கம்பம் ஓட்டம், நாலு கம்பம் நடை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தில் ஒரு கம்பம் கூடும். உழைப்பாளர் சிலை வரை போய்த் திரும்பினால் நாலு கிலோமீட்டர் பக்கம் வரும். மே மாதத்தில் அக்கா ஒரு கம்பத்தைக் குறைத்துவிட்டார். கடற்காற்றில் ஈரம் அதிகம், வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ஆவியானால்தான் உடம்பின் சூடு இறங்கும். டிசம்பரில் சரளமாக வந்த வாக்கியம் மே மாதத்தில் அதே வேகத்தில் பாதியில் உடையும்.

சிக்கல் என்னவென்றால், அப்பா பேச வேண்டும். நான் பின்னால் நாலைந்து அடி விட்டு ஓடிக்கொண்டிருந்தேன். முதல் நாள் அக்கா, "ஏதாவது சொல்லுங்க சார்" என்றார். அப்பா ஒரு கம்பம் தாண்டும்வரை யோசித்தார். பிறகு அந்தக் கம்பத்தைப் பற்றியே பேசினார். முன்பெல்லாம் சோடியம் விளக்கு, மஞ்சளாக எரியும், கடலோரம் என்பதால் உப்புக் காற்றில் இணைப்பெல்லாம் அரித்துப்போகும், இப்போது எல்.இ.டி. வந்துவிட்டது. அவர் தொடர்ந்தாற்போல் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அடுத்தடுத்த நாட்களில் டிரான்ஸ்ஃபார்மர், புயல் ராத்திரிகள், பழைய சக ஊழியர்கள் என்று போனது.

ஏழாவது வாரம் மூச்சு நன்றாகப் பழகிவிட்டது. அப்பா தானாகவே வேகத்தைக் கூட்டினார். புதிதாக ஓடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் தேற மாதக்கணக்கில் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாக. பேச்சு சரியாக வருகிறது, கால் தயாராக இல்லை. ஓடும்போது அது தெரியாது, சூடேறியதும் வலி அடங்கிவிடும். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் பத்து அடியில்தான் தெரியும். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மணல் மெத்தென்று இருக்குமே, அதில் ஓடலாமே என்று கேட்டார். அக்கா விடவில்லை. மணலில் குதிகால் புதையும், ஏற்கெனவே வலிக்கிற நாண் இன்னும் இழுபடும். மூன்று வாரம் நடை மட்டும். கூடவே தினமும் படியில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெல்ல ஏற்றி இறக்கும் பயிற்சி. காலையில் இறங்கும்போது இறுக்கம் இல்லை என்று ஆன பிறகுதான் மறுபடி இரண்டு கம்பம்.

அந்த இரண்டாம் சுற்றில் ஒருநாள், விவேகானந்தர் இல்லம் தாண்டும்போது, அப்பா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தின் நடுவே நின்றுவிட்டார். கால் ஓடிக்கொண்டிருந்தது, பேச்சு இல்லை. அக்கா உடனே கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார். நடைபாதையோரச் சுவரில் உட்கார வைத்தார். "நெஞ்சு இறுக்கமா இருக்கா சார்? தாடை, இடது கை ஏதாவது வலிக்குதா? தல சுத்துதா?" அப்பா இல்லை இல்லை என்று தலையாட்டினார். அக்கா விடாமல் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா சொன்னார்: "ஒண்ணுமில்லம்மா. இந்த எடத்துலதான் அவ சுண்டல் வாங்கித் தரச் சொல்லுவா. நான் வேண்டாம்பேன்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா மட்டும் இன்னும் ஐந்து நிமிடம் அவரை எழ விடவில்லை. பிறகு அப்பாவை நடத்தியே கூட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது என்னிடம் சொன்னார்: "பேச்சு நின்னா காரணம் எதுன்னு ஓடிக்கிட்டே கண்டுபிடிக்க முடியாதுப்பா. நிறுத்திக் கேட்டாத்தான் தெரியும். அழுகையா இருந்தா நஷ்டம் அஞ்சு நிமிஷம்."

அதற்கடுத்த வாரத்திலிருந்து அப்பா அம்மாவைப் பற்றியும் பேச ஆரம்பித்தார், கம்பம் கம்பமாக. எனக்குத் தெரியாத சிலதை நான் அங்கேதான் கேட்டேன். அம்மாவுக்கு வேலைக்குப் போக ஆசை இருந்தது, டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தாள் என்பது உட்பட.

இப்போது எட்டுக் கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. ஐந்து கிலோமீட்டருக்கு அவருக்கு 44 நிமிடம் ஆகிறது. கைக்கடிகாரத்தை நேரம் பார்க்க மட்டும் கட்டுகிறார். போன மாதம் 60 தாண்டிய ஒருவர் புதிதாகச் சேர்ந்தார், அவரும் அதிகம் பேசாதவர். அக்கா அவருக்குத் துணையாக அப்பாவை அனுப்பினார். முதல் கம்பம் தாண்டியதும் அப்பா கேட்டது எனக்குப் பின்னால் இருந்தே கேட்டது: "சார், வேலைல எந்த டிபார்ட்மென்ட்ல இருந்தீங்க? முழுசா சொல்லுங்க."