பிசிசியில் இருப்பவர் பதில் போட்டால்

ஆபீஸ் மெயிலோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்காக இந்தப் பதிவு.

என் அக்கா மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சாயம் சரியாக ஏறாததால் துணியை மறுபடி சாயப்பட்டறைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. சரக்கு ஒரு வாரம் தாமதமாகும் என்று வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதினாள். சிசியில் பையரின் ஏஜெண்டும் புரொடக்‌ஷன் மேனேஜரும். முதலாளிக்கும் தெரியட்டும் என்று அவரை பிசிசியில் போட்டாள்.

முதலாளி போனில் பார்த்தார். தனக்கு மட்டும் வந்த மெயில் என்று நினைத்து, ரிப்ளை ஆல் அழுத்தி, "இரண்டு வாரம் ஆகும்மா, இப்போதைக்குச் சொல்லாதே" என்று எழுதிவிட்டார். அது பையருக்கும் ஏஜெண்டுக்கும் போய்ச் சேர்ந்தது. தாமதம் இரண்டு வாரம் என்பதும், ஒருவர் மறைவில் இருந்து படித்தார் என்பதும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டன. உங்கள் செலவிலேயே விமானத்தில் அனுப்புங்கள் என்று பையர் சொல்லிவிட்டார். திட்டு வாங்கியது இவள்.

காரணம் எளிது. பிசிசி என்பது பெயரை மறைக்குமே தவிர, அவர் கையைக் கட்டாது. அவர் ரிப்ளை ஆல் கொடுத்தால் அனுப்பியவருக்கும், டூ, சிசி இரண்டிலும் உள்ள அத்தனை பேருக்கும் பதில் போகும்.

அதனால் மேலதிகாரிக்குத் தெரிய வேண்டுமென்றால் இரண்டே வழி. எல்லோரும் பார்க்கும்படி சிசியில் போடுங்கள். நாம் அரசுக் கடிதத்தின் அடியில் "நகல்" என்று எழுதுவோமே, அதுதான் சிசி. வெளியே தெரியக்கூடாது என்றால், மெயிலை அனுப்பி முடித்த பிறகு அனுப்பியதைத் தனியாக அவருக்கு ஃபார்வர்டு செய்யுங்கள். அவர் எந்தப் பட்டனை அழுத்தினாலும் பையருக்குப் போகாது.

பிசிசிக்கு நேர்மையான வேலை வேறு இருக்கிறது. ஒருவர் உங்களைப் பையரோடு அறிமுகம் செய்து வைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பதிலில் அவருக்கு நன்றி சொல்லி, "இவரை பிசிசிக்கு மாற்றியிருக்கிறேன்" என்று எழுதி, அப்படியே மாற்றிவிடுங்கள். அந்த மெயில் அவருக்குக் கிடைக்கும். அதற்குப் பிறகு மற்றவர்கள் போடும் ரிப்ளை ஆல் எதுவும் அவரிடம் போகாது. நாற்பது மெயிலில் இருந்து அவர் தப்பித்தார்.

மெயிலைப் பெறுகிறவர்களுக்கும் ஒன்று. பதில் எழுதுமுன் மேலே பாருங்கள். டூவிலும் சிசியிலும் உங்கள் பெயரோ, நீங்கள் இருக்கும் குரூப்பின் ஐடியோ இல்லையென்றால் நீங்கள் பிசிசியில் இருக்கிறீர்கள். அப்போது அனுப்பியவருக்கு மட்டும் எழுதுங்கள், இல்லையென்றால் போன் போட்டுப் பேசிவிடுங்கள்.

உங்கள் ஆபீஸில் என்ன வழக்கம்? கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.