மீரியபெத்தையை எந்த வரியில் வைப்பது?

மெய்யியல் பாடத்தில் 'தீமைப் பிரச்சினை' பற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலும் வருவது இப்படித்தான்: கடவுள் இல்லை என்பவர்கள் சொல்வது ஒரு பக்கம், உண்டு என்பவர்கள் சொல்வது ஒரு பக்கம், கடைசியில் "இது விவாதத்துக்குரியது". வாதம் என்று ஒன்று அதில் இருக்காது. ஒரு மறுப்பை எழுதினால் அது எதிராளியின் எந்த வரியை உடைக்கிறது என்று சொல்லவேண்டும். அதைச் சொல்ல முடியாவிட்டால் அது மறுப்பே இல்லை, சும்மா ஒரு அபிப்பிராயம்.

நான் எடுத்தது வில்லியம் ரோ 1979இல் எழுதிய வாதம். அதில் இரண்டு வரிதான். முதலாவது: எல்லாம் வல்ல, எல்லாம் அறிந்த ஒருவர் பெரிய நன்மை எதையும் இழக்காமல் தடுத்திருக்கக்கூடிய கடும் துன்பங்கள் உலகத்தில் நடக்கின்றன. இரண்டாவது: முழுக்க நல்லவரான ஒருவர் அப்படிப்பட்ட துன்பத்தைத் தடுத்திருப்பார். இரண்டையும் ஒத்துக்கொண்டால் அப்படி ஒருவர் இல்லை என்ற முடிவு தானாக வரும். ரோவின் உதாரணம் ஒரு மான்குட்டி. மின்னலால் காடு பற்றி எரிகிறது, குட்டி கருகிப்போய் நாட்கணக்காகத் துடித்துச் சாகிறது. யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் பாடமும் இல்லை.

எஹலியகொடயில் மழை பிடித்தால் பால்வெட்டு நிற்கும், மேட்டு லயத்துச் சனங்களுக்குத் தூக்கம் வராது. அதனால் மான்குட்டிக்குப் பதிலாக நான் மீரியபெத்தையை வைத்தேன். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள், வீட்டிலிருந்தவர்கள் போய்விட்டார்கள்.

ஆனால் இந்த உதாரணத்தில் ஒரு சிக்கல் இருக்கு. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருஷம் முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. உடனே எதிராளி சொல்வார்: "இது மனுசர் செய்த பிழை. மனுசருக்குச் சுதந்திரம் கொடுத்தால் இதுவும் வரும்." பிளான்டிங்கா வழியில் வரும் இந்த மறுப்பு தாக்குவது முதல் வரியை. தடுத்திருந்தால் சுதந்திரம் என்ற பெரிய நன்மை போயிருக்கும் என்கிறது. என் பதில்: அந்த இரவு மழை கொஞ்சம் குறைந்திருந்தால் யாருடைய சுதந்திரம் போயிருக்கும்? ஆட்களை அங்கிருந்து எடுக்காதவர்கள் எடுக்காதவர்களாகவே இருந்திருப்பார்கள்.

எதிராளி இதோடு விடமாட்டார், விடவும் கூடாது. இயற்கை ஒழுங்காக நடந்தால்தான் எது ஆபத்து என்று மனுசர் கற்க முடியும் என்பார். சுவின்பேர்ன் இதை விரிவாகவே வாதிட்டிருக்கிறார். நல்ல மறுப்பு. ஆனால் மீரியபெத்தையில் அது நிற்காது, ஏனென்றால் அறிவு முன்பே வந்துவிட்டது. தெரிந்த விஷயத்தைத் தெரியவைக்க இத்தனை உயிர் எதற்கு? சிக்கலாகத் தெரிந்த அந்த எச்சரிக்கையே இங்கே என் பக்கம் பேசுகிறது.

அடுத்தது கர்மா. எங்க அம்மாயி இதை வாதமாகச் சொல்லமாட்டா, "போன ஜென்மத்து வினைடா" என்று ஒரே வார்த்தையில் முடிப்பா. இதுவும் முதல் வரியைத்தான் தாக்குகிறது: அந்தத் துன்பம் அநியாயமானது இல்லை, கணக்குத் தீர்வது. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்திலும் இதே பதில் இருக்கு, கடவுள் பாரபட்சமோ கொடுமையோ செய்யவில்லை, வினையைப் பார்த்தே செய்கிறார் என்று. முதல் வினை எப்படி வந்தது என்று கேட்டால், அதற்குத் தொடக்கமே இல்லை என்பார்கள். எனக்கு இதில் தாங்கமுடியாத இடம் வேறு. கணக்குச் சரி என்றால் மண்ணுக்குள் போனவர்கள் அதற்குத் தகுதியானவர்கள் என்றாகிறது. பிறகு தோட்டத்திடம் யார் என்ன கேட்கமுடியும்?

ஆனால் என் கோபம் மட்டும் மறுப்பாகாது. சித்தாந்தி ஒருவர் இங்கே திருத்துவார்: வினை தண்டனை இல்லை, உயிரைப் பக்குவப்படுத்தும் மருந்து. அதைவிட முக்கியம், பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கமில்லாதவை என்பது. ஆணவத்தைக் கடவுள் படைக்கவில்லை. அப்படியென்றால் ரோவின் வாதம் தொடங்கும் இடமே மாறுகிறது, ஒன்றுமில்லாமையிலிருந்து எல்லாவற்றையும் படைத்த கடவுள் இங்கே இல்லை. இதை "கர்மா" என்ற தலைப்பில் சேர்த்துவிட்டால் கெட்டுப்போகும். தனிப் பந்தியாக, "வல்லமை என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்" என்ற கேள்வியோடு வைத்தேன். அங்கே என் பதில் சின்னது: ஆணவத்தைப் படைக்காதவராலும் ஒரு மலைச்சரிவைப் பிடித்து நிறுத்த முடியுமா, முடியாதா? முடியும் என்றால் பழைய கேள்வி திரும்ப வரும்.

கடைசி மறுப்பு விக்ஸ்ட்ராவுடையது, 1984. நமக்குக் காரணம் தெரியவில்லை என்பதால் காரணமே இல்லை என்றாகாது, ஊசி போடுவது ஏன் என்று கைக்குழந்தைக்குத் தெரியுமா என்கிறார். இதை முழுசாக உடைக்க என்னால் முடியவில்லை. ரோவே முதல் வரியை நிரூபித்ததாகச் சொல்லவில்லை, நம்ப நியாயமான காரணம் இருக்கு என்றுதான் சொன்னார். ஊசி போடும்போது தாய் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பாள் என்பதை மட்டும் பதிலாக எழுதினேன். முடிவுரையில் "கடவுள் இல்லை" என்று எழுதாமல், "முதல் வரியை நம்ப நியாயம் உண்டு" என்று நிறுத்தினேன். அம்மாயிக்கு வாசித்துக் காட்டினதில், அந்த ஊசி உதாரணம் மட்டும் அவவுக்குப் பிடித்தது, விக்ஸ்ட்ரா பக்கம் நின்றா.