குரு சண்டாள யோகமும் அக்கா பையனும்

ஜாதகத்துல குருவும் ராகுவும் ஒரே ராசியில இருந்தா அதுக்குப் பேரு குரு சண்டாள யோகம். (பேருலயே ஒரு சாதி வசவு இருக்கு. அதைத் தனிப் பதிவா திட்டிக்கலாம்.) குருன்னா நம்பிக்கை, ஆசான், தர்மம். ராகு அதைக் கலைக்கிறவர். அதனால சாமி விஷயத்துல குழப்பம் வரும், பெரியவங்களை மதிக்காது, மதம் மாறும், போலிச் சாமியார்கிட்ட போய் விழும்னு பலன் சொல்றாங்க.

எங்க அக்கா பையனுக்கு இது இருக்காம். "பிள்ளையாருக்கு யானைத்தலை எப்படி ஒட்டிச்சு?"ன்னு அவன் கேட்டா பதில் வர்றதில்லை, "யோகம் வேலை செய்யுது"ன்னு ஒரு பார்வைதான் வருது. அதான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

குரு ராசிச் சக்கரத்தைச் சுத்த கிட்டத்தட்ட 12 வருஷம். ராகு எதிர்த்திசையில சுமார் பதினெட்டரை வருஷம். ஆக ரெண்டு பேரும் சந்திக்கிறது ஏழேகால் வருஷத்துக்கு ஒரு தடவை, அதுல ஒரே ராசியில இருக்கறது சராசரியா ஏழு மாசம். அதாவது பன்னிரண்டு பேர்ல ஒருத்தருக்கு இந்த யோகம் உண்டு. அதுவும் பரவலா இல்லை, மொத்தமா வரும். 2016 பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை பிறந்த அத்தனை குழந்தைக்கும் சிம்மத்துல இந்தச் சேர்க்கைதான். ஒரு வகுப்புல பாதிப் பேருக்கு நம்பிக்கைக் குழப்பமா?

நம்மாளு பிறந்தது 2016 ஆகஸ்ட் 5. இங்கதான் தமாஷ். வாக்கியப் பஞ்சாங்கப்படி ஆகஸ்ட் 2-லயே குரு கன்னிக்குப் போயாச்சு, யோகமே கிடையாது. திருக்கணிதப்படி ஆகஸ்ட் 11-லதான் பெயர்ச்சி, அதனால யோகம் உண்டு. அதுலயும் குரு சிம்மத்துல சுமார் 29 பாகை, ராகு 20 பாகை. குரு முன்னாடி போறார், ராகு பின்னாடி போறார். ஒன்பது பாகை தள்ளி, விலகிக்கிட்டே இருக்காங்க.

நல்ல ஜோசியர் சேர்க்கையை மட்டும் வச்சு பலன் சொல்ல மாட்டார். ஒன்பதாம் வீடு, அதோட அதிபதி, பாகை இடைவெளி, நடக்கிற தசை எல்லாம் பார்ப்பார். ரொம்ப சரி. ஆனா அதையெல்லாம் பார்த்துட்டு பலனை முன்கூட்டியே ஒரு தாள்ல எழுதணும். எந்த வயசுல, என்ன நடந்தா குழப்பம், எது நடக்கலைன்னா பலன் தப்பு? கோயிலுக்குப் போகாதவனும் குழப்பம், அளவுக்கு மீறிப் போறவனும் குழப்பம்னா யாரைத்தான் விட்டு வைக்கும்? பொருந்தாத ஆளே இல்லாத பலனைச் சோதிக்க வழியே இல்லை.

எழுதின தாளை யோகம் இல்லாத பசங்களுக்கும் பொருத்திப் பார்க்கணும். 2017-ல பிறந்த என் சித்தப்பா பேரனுக்கு இந்த யோகம் கிடையாது. போன வாரம் அவன் கேட்டது: "சாமிக்கு யாரு சாமி?"

அக்காகிட்ட ஒண்ணுதான் சொன்னேன். பரிகாரம் அப்புறம் பண்ணிக்கலாம், முதல்ல யானைத்தலை கேள்விக்கு ஒரு பதில் சொல்லு.