முதலில் பெயரை அடி

செருப்பைக் கழற்றாமல் யாராவது கடைக்குள் வந்தால் அது கேத வீட்டு வேலை என்று அந்த அக்கா சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் வாசலில் கழற்றிவிட்டு, ஏசிக்கு நேராக உட்கார்ந்து, மாதிரி ஆல்பத்தைக் கேட்பார்கள். கேதத்துக்கு வருகிறவர்கள் நின்றபடியே செல்போனை நீட்டுவார்கள்.

மதுரையில் ஒரு டிடிபி கடை அது. முன்னால் இரண்டு கணினி, பின்னால் பிளக்ஸ் அடிக்கும் மெஷின், வழியெல்லாம் ரீப்பர் கட்டை. கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கு எழுத்துரு எப்படி முடிவாகிறது என்று பார்க்க வேண்டும் என்று கேட்டபோது அக்கா சிரித்தார். "முடிவாகிறதுக்கு எங்க சார் நேரம் இருக்கு? காலையில அஞ்சு மணிக்குள்ள கட்டணும்." ஆனால் இரவு பதினொன்றுக்கு வரச் சொன்னார். இருபது வருடத்துக்கு மேல் இதே நாற்காலியில் இருப்பவர்.

பதினொன்றரைக்கு மூன்று பேர் வந்தார்கள். செருப்போடு. எண்பத்தாறு வயதில் பாட்டி இறந்துவிட்டார். பேரன், அவனுடைய சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர். பேரன் போனில் ஒரு படத்தை வைத்திருந்தான். யாருடைய அஞ்சலிப் பதாகையோ. 'கண்ணீர் அஞ்சலி' என்ற இரண்டு சொல்லும் கொடி மாதிரி சுருண்டு, ஈகாரச் சுழி ணகரத்தைச் சுற்றி வந்து, சிவப்பில், வெள்ளை ஓரத்தோடு, கீழே நிழலோடு இருந்தன.

"அக்கா, இதே ஃபாண்ட் வேணும்."

"போடலாம் தம்பி. மொதல்ல பாட்டி பேரைச் சொல்லு."

பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஸ்ரீயில் தொடங்கி அம்மாள் என்று முடிகிற நீளமான பெயர். அக்கா தலைப்பைத் தொடவே இல்லை. வெள்ளைத் திரையில் அந்தப் பெயரை மட்டும் அடித்து, கீழே கீழே பிரதி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துரு கொடுத்தார். ஆறு வரி. எல்லாம் ஒரே பெயர்.

இதைத்தான் நான் பார்க்க வந்தேன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாலை போட்ட படத்தைப் பார்த்ததுமே இது அஞ்சலி என்று தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. தலைப்பை யாரும் எழுத்துக் கூட்டி வாசிப்பதில்லை. வாசிக்கப்படுவது மூன்றுதான்: யார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எங்கே. ஆகவே எழுத்துரு தலைப்புக்கு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில் பொருளில்லை. இந்தப் பெயரில் இருக்கிற எழுத்துகளை அது ஒழுங்காகத் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. வேறொருவர் பெயருக்குப் பொருந்தியது இவர் பெயருக்குப் பொருந்தாமல் போகலாம்.

பேரன் கேட்ட கொடி எழுத்து முதல் வரியிலேயே விழுந்தது. அதில் ஸ்ரீ இல்லை. ஸ, புள்ளி, ரீ என்று மூன்று துண்டாக நின்றது. அலங்கார எழுத்துருக்களை வரைகிறவர்கள் பல நேரம் அ முதல் ன வரை ஆசையாக வரைந்துவிட்டு, கிரந்தத்துக்கு வரும்போது களைத்துவிடுகிறார்கள் போல. யூனிகோடில் ஸ்ரீக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஸகரத்தில் தொடங்கியும் அதை அடிக்கலாம், 2005இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். ஒரு எழுத்துரு ஒன்றைக் கூட்டெழுத்தாக்கும், இன்னொன்றைத் துண்டாகவே விட்டுவிடும். அக்கா இரண்டையும் அடித்துப் பார்த்தார்.

இரண்டாவது வரி உருண்டையான Baloo Thambi. பலகாரக் கடைக்கு நன்றாக இருக்கும். சித்தப்பாவே வேண்டாம் என்று தலையசைத்தார். மூன்றாவது கையெழுத்துச் சாயலில் சாய்ந்தது. அதை அக்கா சொல்லாமலே அழித்தார். மிஞ்சியவற்றில் Noto Serif Tamil ஒன்று, Mukta Malar ஒன்று, கடையில் பல காலமாக இருக்கிற பழைய எழுத்துரு ஒன்று.

பக்கத்து வீட்டுக்காரர் மிஞ்சிய மூன்றில் முதலாவதைக் காட்டி, "இது புத்தகம் மாதிரி இருக்கு, மரியாதையா இருக்கு" என்றார். உண்மைதான். கோடு ஒரு இடத்தில் தடித்து ஒரு இடத்தில் மெலிந்து, ஈய அச்சு நினைவைக் கொண்டுவருகிற எழுத்து. வெள்ளைத் தாளில் கறுப்பாக அடிக்கிற பத்திரிகை அறிவிப்பு என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சித்தப்பா கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கேட்டிருந்தார். பிளக்ஸில் மை கொஞ்சம் பரவும். கறுப்பு மை நாலு பக்கமும் வெள்ளைக்குள் கசியும்போது மெலிந்த கோடுகள்தான் முதலில் சாகும். திரையில் இது தெரியாது. திரையில் வெள்ளை ஒளி, அது தடித்தே காட்டும். அக்கா பின்னால் சுருட்டி வைத்திருந்த ஒரு பழைய வீணான துண்டை விரித்துக் காட்டினார். மகரத்தின் மெலிந்த கோடு அங்கங்கே அறுந்திருந்தது.

"அப்ப போல்டு பண்ணிருங்க அக்கா" என்றான் பேரன்.

எழுத்துருவிலேயே தடித்த வடிவம் தனியாக வரைந்திருந்தால் சரி. இல்லாத ஒன்றுக்கு மென்பொருளில் தடிமன் பொத்தானை அமுக்கினால், அல்லது பலர் செய்வதுபோல் அதே நிறத்தில் அவுட்லைன் கொடுத்தால், எழுத்து வெளியே மட்டும் வீங்குவதில்லை. உள்ளேயும் வீங்குகிறது. ணகரத்தின் சுழி அடைபடும். புள்ளி வட்டமாக இருக்கிற எழுத்துருவில் அந்த வட்டத்தின் ஓட்டை மூடும். இன்னும் கொஞ்சம் கூட்டினால் புள்ளி கீழே இறங்கி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அம்மாள் என்பதில் மேலே இரண்டு புள்ளி. இரண்டும் ஒட்டினால் தூரத்திலிருந்து அமமாள. "புள்ளி போனா மரியாதையும் போச்சு சார்" என்றார் அக்கா, மவுஸை விடாமல்.

கடைசியில் Mukta Malar நின்றது. கோடு பெரும்பாலும் ஒரே தடிமன். உள்வெளி திறந்திருக்கிறது. புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையில் காற்று இருக்கிறது. அலங்காரம் எதுவும் இல்லை. பல எடைகளில் அது கிடைப்பதால் பொத்தானை அமுக்க வேண்டியதில்லை. பெயருக்குத் தடித்தது, மற்றதற்கு நடுத்தரம், முடிந்தது.

அடுத்த சண்டை அகலத்தில் வந்தது. பதாகை நான்கடிக்கு மூன்றடி. இடப்பக்கம் படம், வலப்பக்கம் எழுத்து என்பதுதான் வழக்கமான அமைப்பு. பாட்டியின் பெயர் வலப்பக்கத்தில் அடங்கவில்லை. பேரன் திரையில் விரலை வைத்து இரண்டு பக்கமும் அமுக்குவதுபோல் காட்டினான். அப்படி அமுக்கினால் நெட்டுக்கோடெல்லாம் மெலியும், படுக்கைக்கோடு மட்டும் பழைய தடிமனிலேயே நிற்கும். பகரமும் மகரமும் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி ஆகிவிடும். நம் ஊர்ச் சுவர்களில் பாதி அஞ்சலிகள் மரியாதை இழப்பது எழுத்துருவால் அல்ல, இந்த அமுக்கலால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அக்கா பெயரை அமுக்காமல் படத்தை நகர்த்தினார். படம் மேலே நடுவில். பெயர் அதன் கீழே, நான்கடி அகலத்துக்கும் தாராளமாக. தலைப்பு சுருங்கி மேல் ஓரத்துக்குப் போனது.

பேரன் முகம் சுண்டிவிட்டது. தலைப்பு சின்னதாகிவிட்ட வருத்தம். அக்கா அவனிடம் வாதாடவில்லை. அந்த வடிவத்தையும் பேரன் கேட்ட வடிவத்தையும் ஏ4 தாளில் லேசரில் அடித்து எதிர்ச் சுவரில் ஒட்டி, அவனை ஏழடி தள்ளி நிற்க வைத்தார். மூன்றடி உயரப் பதாகை ஏ4 தாளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்குகிறது. ஆக, தாளை ஏழடியில் பார்ப்பது பதாகையை முப்பதடியில் பார்ப்பதற்குச் சமம். அவர்கள் தெருவின் எதிர்ப்பக்கம் அவ்வளவு தூரம்தான். பலகை எழுதுகிறவர்களிடம் பத்தடிக்கு ஒரு அங்குல உயரம் என்று ஒரு கணக்கு உண்டு. தமிழுக்கு அதற்கு மேல் கொஞ்சம் வேண்டும், ஏனென்றால் நம் எழுத்துக்குள் வளைவு அதிகம். பாட்டியின் பெயர் நான்கு அங்குலத்தில் நின்றது. பேரன் இரண்டு தாளையும் பார்த்தான். கொடி எழுத்துத் தாளைக் காட்டி, "இதுல பேரு தெரியல" என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல.

இதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது, ஒரு இடம் தவிர. குடும்பத்தார் பெயர் வரிசையைச் சித்தப்பா தாத்தாவின் பதாகைக்காகச் செய்த பழைய கோப்பிலிருந்து எடுக்கச் சொன்னார். அது பாமினியில் இருந்தது. எழுத்துருவை மாற்றினால் தமிழ் போய்விடும். கண்ணீர் அஞ்சலி என்பது திரையில் இப்படித் தெரிந்தது:

```
fz;zPh; mQ;ryp
```

இதை யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் ஏராளம். மாற்றியதும் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் அந்த `h;` என்ற இடத்தைப் பாருங்கள். பாமினியில் `h` என்பது துணைக்கால். ரகரத்துக்கு `u` என்று தனி விசை இருந்தும், பலர் காலைப் போட்டு மேலே புள்ளி வைத்து ர் ஆக்கிவிடுவார்கள். கண்ணுக்கு ஒன்றுதான். கருவி அதை அப்படியே காலும் புள்ளியுமாக மாற்றிவிட்டால், சில எழுத்துருக்களில் புள்ளி பக்கத்தில் நழுவி நிற்கும், சிலவற்றில் நடுவே ஒரு புள்ளிவட்டம் முளைக்கும். ரகரத்தின் வால் நன்றாகத் தெரிகிற எழுத்துருவில் ஒரே வரியில் வாலுள்ள ர், வாலில்லாத ர் இரண்டும் கலந்து வரும். அக்கா அந்த வரிசையை மாற்றாமல் முழுக்கப் புதிதாகவே அடித்தார். பதினான்கு பெயர். சித்தப்பா வாசிக்க, பேரன் சரிபார்க்க.

எல்லாம் முடிந்ததும் கோப்பை ஒரு பிரதி எழுத்தாகவே சேமித்துவிட்டு, மற்றொன்றில் Ctrl+Q அழுத்தி எழுத்துகளை வளைகோடுகளாக்கினார். அதன் பிறகு எந்த மெஷினிலும் எழுத்துரு மாறாது. ஆனால் எழுத்தையும் இனித் திருத்த முடியாது. இதை அவர் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் போன் அடித்தது. மூன்று மணிக்கு அல்ல, நாலரைக்கு எடுக்கிறார்கள். மகள் வெளியூரிலிருந்து வர வேண்டும். எழுத்துப் பிரதியைத் திறந்து ஒரு எண்ணை மாற்றி, மறுபடி Ctrl+Q. அந்தப் பிரதி இல்லாமல் போயிருந்தால் அந்த ஒரு வரி மட்டும் வேறொரு எழுத்துருவில், வேறொரு தடிமனில் ஒட்டுப்போட்டதுபோல் நின்றிருக்கும். சுவர்களில் அப்படி எத்தனை மணிகளைப் பார்த்திருக்கிறோம்.

காலை ஆறரைக்கு அந்தத் தெருவுக்குப் போனேன். பதாகையை மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் இடையில் கட்டியிருந்தார்கள். எதிர்ப்பக்கம் டீக்கடையில் ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, பாட்டியின் பெயரை ஸ்ரீயிலிருந்து ள் வரை வாய்விட்டு வாசித்தார். "நாலரைக்குத்தான் எடுக்காங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத் தத்தனேரி மயானத்துக்கு எந்த வழியாகப் போவார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். கீழே பதினான்கு பெயரும் சாய்த்து நிறுத்திய மூன்று சைக்கிளுக்குப் பின்னால் மறைந்திருந்தன.