கண்ணின் வெள்ளை

திங்கட்கிழமை காலையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வருகிற ஆண்களில் சிலரை ஸ்டூலில் உட்கார வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். கண் சிவந்திருக்கும். கீழ் இமை உப்பியிருக்கும். உதடு வெடித்து, மூக்கின் இரண்டு பக்கமும் தோல் வறண்டு மாவு பூத்ததுபோல இருக்கும். கேட்காமலே காரணம் சொல்வார்கள். “நேத்து ஒரு விசேஷம்ணே, கொஞ்சம் டச்சப் பண்ணிக் குடுத்துடுங்க.”

கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்து முப்பது வருஷம் ஆகிறது. ராத்திரி குடித்துவிட்டு இப்படி வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: சாயங்காலம் வாங்க. காலையில் இருந்த உப்பல் நாலு மணிக்குப் பாதிக்கு மேல் வடிந்திருக்கும். சாராயம் முதலில் உடம்பிலிருக்கும் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. சிறுநீரகத்தைத் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சொல்லும் சுரப்பை அது அடக்கிவிடுவதால், குடித்தவர் ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து போகிறார். நாக்கும் தோலும் வறள்கின்றன. போதை தெளியும்போது உடம்பு இதற்கு நேர்மாறாக உப்பையும் தண்ணீரையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. தொட்டுக்கொண்ட ஊறுகாயும் மிக்சரும் அதற்குத் துணை. படுத்தே கிடந்ததால் அந்தத் தண்ணீர், தோல் மெல்லிசாகவும் தளர்வாகவும் இருக்கிற இமையில் போய்த் தேங்குகிறது. எழுந்து நடமாடினால் தானாக இறங்கிவிடும். கண்ணின் சிவப்பும் அப்படித்தான். விரிந்த நுண்குழாய்கள் சுருங்கினால் போய்விடும்.

சாயங்காலத்துக்குள் போய்விடுகிற முகம் ஒரு ராத்திரியின் கதையைச் சொல்கிறது. சாயங்காலமும் போகாத முகம் வேறு கதை. அதை என் அக்கா வீட்டுக்காரர் முகத்தில்தான் படித்தேன், ரொம்பத் தாமதமாக.

அத்தான் தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பார். சண்டை சச்சரவு கிடையாது, தள்ளாடி யாரும் பார்த்ததில்லை. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் ஏறக்குறைய 60 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. அது பதினைந்து வருஷம். கடைசி மூன்று வருஷம் இரண்டு குவார்ட்டர். கண் சிவப்பு தெரியாமலிருக்க மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். விட்ட பத்து நிமிஷத்தில் கண் வெளுக்கும். ஆனால் அந்த வகைச் சொட்டு குழாய்களைச் சும்மா இறுக்கிப் பிடிப்பதுதான்; பிடி விட்டதும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும், மறுபடி சொட்டு விடத் தோன்றும். அவர் அதை ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை விட்டுக்கொண்டிருந்தார்.

என் கம்ப்யூட்டரில் அவருடைய படங்கள் மூன்று இருந்தன. 2009, 2014, 2019. மூன்றாவதைப் பார்த்து வீட்டில் எல்லோரும், “அத்தான் நல்லா பூசினாப்ல ஆயிட்டார்” என்றோம். பூசின உடம்பு என்றால் நமக்குச் சந்தோஷம்தானே. இன்று அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்னையே மன்னிக்க முடியவில்லை. முகம் அகன்றது சதையால் அல்ல. காதுக்கு முன்னால், தாடையின் மூலையில், இரண்டு பக்கமும் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருக்கிறது. பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளையின் முகம் மாதிரி, ஆனால் வலியில்லாமல், வருஷக்கணக்காக. அதே சமயம் நெற்றிப் பொட்டு இரண்டும் குழி விழுந்திருக்கிறது. சட்டைக் காலருக்குக் கீழே, நெஞ்சின் மேல்பகுதியில், குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிச் சிலந்திக் கால் மாதிரி மெல்லிய கோடுகள். நடுப்புள்ளியை விரலால் அமுக்கினால் கோடுகள் மறையும், விட்டால் நடுவிலிருந்து வெளியே ஓடி நிரம்பும். நம் கறுத்த தோலில் இவை சட்டென்று கண்ணில் படாது. எனக்குப் பட்டது. டச்சப்பில் அழித்தேன்.

2022-ல் லைசென்ஸ் புதுப்பிக்கப் படம் எடுக்க வந்தார். கண் லேசாக மங்கலாகத் தெரிந்தது. லைட்டின் கோளாறு என்று நினைத்தேன். நிறம் சரிசெய்ய, படத்தில் எது வெள்ளையோ அதன்மேல் ஒரு தடவை கிளிக் செய்தால் போதும், மற்ற நிறங்கள் தானே ஒழுங்காகிவிடும். எப்போதும் பின்னால் தொங்கும் வெள்ளைத் துணிமேல் செய்வேன். அன்று கை தவறிக் கண்ணின் வெள்ளைமேல் கிளிக் செய்துவிட்டேன். கண் பளிச்சென்று வெளுத்தது. ஆனால் பின்துணி நீலமாகிவிட்டது. அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையும் நீலம். மறுபடி பழையபடி ஆக்கினேன், மறுபடி கிளிக் செய்தேன். மறுபடியும் நீலம். கம்ப்யூட்டர் சரியாகத்தான் இருந்தது. நான் வெள்ளை என்று காட்டிய இடம் மஞ்சள். அந்த மஞ்சளைப் போக்கத்தான் படம் முழுக்க நீலத்தை ஏற்றியிருந்தது.

கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனேன். டியூப் லைட்டில், அதிலும் மஞ்சள் பல்பில், காமாலை ஒளிந்துகொள்ளும். பகல் வெளிச்சம் வேண்டும். கீழ் இமையை இழுத்து, “மேலே பாருங்க அத்தான்” என்றேன். ஓரத்திலிருந்து ஓரம் வரை சீராக மஞ்சள். வெயிலில் வேலை செய்கிறவர்கள் பலருக்குக் கருவிழி ஓரத்தில் பழுப்புத் திட்டு இருக்கும், அது வேறு, அது காமாலை அல்ல. இது கண் முழுக்க.

அக்கா கீழாநெல்லி அரைக்கப் போனாள். நான் விடவில்லை. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் பிலிரூபின் 5.8. சாதாரணமாக 1.2-க்குள் இருக்க வேண்டியது. டாக்டர் சொன்ன ஒன்று என் நெஞ்சில் தைத்துவிட்டது: அது கிட்டத்தட்ட மூன்றைத் தொட்ட பிறகுதான் கண்ணில் மஞ்சள் தெரியும், கண் பளிச்சென்று இருக்கும்போதே ஈரல் பாதி தழும்பாகிப் போனவர்களும் உண்டு. அதனால் வெள்ளைக் கண்ணைப் பார்த்து யாரும் நிம்மதியடைய முடியாது.

“இனிமே தொடமாட்டேன், வீட்டுலயே இருந்து விட்டுடறேன்” என்றார் அத்தான். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம், மூன்றாம் நாளில் மனம் குழம்பி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்து. மாலை போட்ட கையோடு நிறுத்திவிட்டு வலிப்பு வந்து விழுந்த ஒருவரை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அத்தானைப் படுக்கையில் சேர்த்து, வைட்டமின் பி1 ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, பத்து நாள் வைத்திருந்தார்கள்.

முகம் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடும் என்று நான் நம்பவில்லை. எப்போதும் கண் சிவந்து வரும் ஒரு லாரி டிரைவரை நானே மனதுக்குள் தப்பாக எண்ணியிருக்கிறேன். காற்றும் தூசியும் பட்டுக் கண்ணில் சதை வளர்ந்தவர் அவர், ஒரு சொட்டு குடித்ததில்லை. காலையில் இமை உப்புவது சிறுநீரகக் கோளாறாலும் வரும், தைராய்டாலும் வரும். முகம் பார்த்து ஆளைத் தீர்மானிப்பது பாவம். பகல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போய் ஒரு தடவை பார்ப்பது பாவமில்லை.

ஆறு மாசம் கழித்து லைசென்ஸ் படத்தை மறுபடி எடுத்தோம். கீழ் இமைப் பை போயிருந்தது. உதட்டில் வெடிப்பு இல்லை. காதோரத்து வீக்கம் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. சிலந்திப் புள்ளிகளில் இரண்டு அப்படியே இருந்தன. வேண்டுமென்றே கண்ணின் வெள்ளைமேல் வைத்துக் கிளிக் செய்தேன். பின்துணி வெள்ளையாகவே இருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.