கலந்து பேசும் குழந்தை குழம்பிய குழந்தையா?

(பள்ளி ஆலோசகர் ஒருவர் நெரவிப் பெற்றோர்க்கு எழுதிய மடல்)

அன்பிற்குரிய பெற்றோர்க்கு,



ஆறு வயதாகும் தங்கள் மகள் ஒரே வாக்கியத்தில் தமிழையும் பிரெஞ்சையும் கலந்து பேசுவதாகவும், அவள் குழம்பிவிட்டாளென அஞ்சி வீட்டில் தமிழை நிறுத்திவிட எண்ணுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அம்முடிவைச் செயற்படுத்துமுன் இம்மடலைப் படிக்க வேண்டுகிறேன்.

காரைக்கால் மண்ணுக்கு இது புதிய செய்தியன்று. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி விலகியது. 1962-இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் இங்கிருந்தோர்க்குக் கிட்டியது. அன்றுமுதல் பிரான்சுக்கும் நம் ஊர்களுக்கும் இடையே வளரும் குழந்தைகளுள் தங்கள் மகளும் ஒருத்தி.

தாங்கள் எழுதியனுப்பிய அவளது வாக்கியத்தையே பார்ப்போம்: "நாளைக்கு எக்கோலுக்குப் போகமாட்டேன்." 'எக்கோல்' என்பது பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். பிரெஞ்சில் 'பள்ளிக்கு' என்னும் பொருள் தரும் இடைச்சொல் பெயருக்கு முன்னே நிற்கும். அவள் அதை முன்னே வைக்கவில்லை. தமிழ் முறைப்படி 'கு' உருபைப் பெயருக்குப் பின்னே சேர்த்தாள். வினையை இறுதியில் நிறுத்தி, 'மாட்டேன்' என்று தன்மை ஒருமை விகுதியையும் பிழையின்றி இட்டாள். கடன் வாங்கியது ஒரு பெயர்ச்சொல்லை மட்டுமே. வாக்கியத்தின் எலும்புக்கூடு முழுதும் தமிழ். குழம்பிய மனம் இவ்வளவு ஒழுங்காக இலக்கணம் காக்குமா?

அச்சொல் ஏன் பிரெஞ்சில் வந்தது? பள்ளியை அவள் முதன்முதலில் அறிந்தது பிரான்சில். ஆதலால் பள்ளியைச் சார்ந்த சொற்கள் அம்மொழியில் முந்திக்கொண்டு வருகின்றன. சோறு, குளியல், உறவு பற்றிய சொற்களை அவள் தமிழிலேயே சொல்வதையும் தாங்களே குறிப்பிட்டுள்ளீர்கள். எந்த மொழியில் எதை வாழ்ந்தாளோ, அந்த மொழியில் அதன் பெயர் கைக்கு எட்டுகிறது.

நம் பெரியவர்களின் பேச்சையும் எண்ணிப் பாருங்கள். 'ஒளு எடுத்தேன்' என்பர்; 'அவர் மௌத்தாகிவிட்டார்' என்பர். பெயர் அரபு, வினை தமிழ். அவை தலைமுறைகளாகப் பழகி நம் தமிழாகவே ஆகிவிட்டவை. குழந்தையின் சொல் நேற்று வந்தது. வேறுபாடு அவ்வளவே. இணைக்கும் முறை ஒன்றுதான். அப்பெரியவர்களை நாம் குழம்பியவர்கள் என்பதில்லை.

இனி, யாரிடம் கலக்கிறாள் என்று பார்க்க வேண்டும். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த குழந்தைகளை பிரெட் ஜெனசி என்னும் அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து, 1995-இல் முடிவை வெளியிட்டனர். இரண்டு வயதை ஒட்டிய அக்குழந்தைகளும் மொழிகளைக் கலந்தார்கள். ஆயினும் தந்தையிடம் தந்தையின் மொழியையும், தாயிடம் தாயின் மொழியையும் மிகுதியாகப் பேசினார்கள். இரண்டும் ஒன்றென நினைத்திருந்தால் ஆளுக்கேற்ப மாற்றியிருக்க இயலாது. தங்கள் மகளும் தமிழ் மட்டுமே அறிந்த எங்கள் பள்ளி ஆயாவிடம், "தண்ணி வேணும் ஆயா, கை கழுவணும்" என்று தனித்தமிழில்தான் கேட்டாள். தங்களிடம் கலக்கக் காரணம், தங்களுக்கு இரு மொழியும் விளங்கும் என்று அவள் அறிந்திருப்பதே.

எப்போது அஞ்ச வேண்டும்? இந்த வயதில் இரு மொழிகளுள் எதிலும் அன்றைய நிகழ்ச்சியை வரிசைப்படச் சொல்ல இயலாவிடினும், இரண்டு படிகள் கொண்ட கட்டளையை எம்மொழியில் சொன்னாலும் புரிந்துகொள்ளாவிடினும், முதலில் செவித்திறன் சோதனையும் பின்னர்ப் பேச்சு மருத்துவரின் ஆலோசனையும் தேவை. உண்மையான பேச்சுக் குறை இரு மொழிகளிலும் தலைகாட்டும். ஒரு மொழியில் மட்டும் சொற்கள் குறைவாயிருப்பது குறையன்று. இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

தமிழை நிறுத்தினால் பிரெஞ்சு தானாக வளர்ந்துவிடாது. தாங்கள் தயங்கித் தயங்கிப் பேசும் பிரெஞ்சைவிட, சரளமாகக் கதை சொல்லும் தமிழே அவள் சிந்தனைக்கு நல்ல உணவு. அன்றியும், பிரெஞ்சு அறியாத அவளுடைய உம்மம்மாவோடு பேசும் ஒரே பாலம் அறுந்துபோகும். நெரவியில் அவ்விருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்கிறார்கள் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒரு வாரம், நாள்தோறும் அவள் பேசும் பத்து வாக்கியங்களை, யாரிடம் சொன்னாள் என்ற குறிப்புடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். கலந்து பேசுகையில் கண்டிக்க வேண்டா, "ஓ, பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டாயா, ஏன்?" என்று தமிழ்ச்சொல்லை இயல்பாக இட்டு உரையாடலைத் தொடருங்கள். அவ்வினாவுக்கு அவள் தரும் விடையையும் குறித்து வாருங்கள். பள்ளிக்கு ஏன் வர மறுக்கிறாள் என்பதையல்லவா நாம் முதலில் கேட்டிருக்க வேண்டும்?

வஸ்ஸலாம்.